காரிடார் சண்டையும் சம்பவ அறிக்கையும்: பார்த்தது எது, கேட்டது எது

கேள்வி: ஹோட்டலில் இரவு ஷிப்ட் செக்யூரிட்டியாக இருக்கிறேன். போன வாரம் 412, 414 அறை கெஸ்ட்டுகளுக்குள் காரிடாரில் சண்டை. நான் போவதற்குள் தள்ளுமுள்ளு முடிந்துவிட்டது. ரிப்போர்ட்டில் இப்படி எழுதினேன்: “414 சார் சத்தம் என்று புகார் சொன்னதால் ஆத்திரமடைந்த 412 ஆள் குடித்துவிட்டு வந்து வேண்டுமென்றே அவரைத் தள்ளிவிட்டான். சார் கீழே விழுந்து போன் உடைந்துவிட்டது. நான் உடனே போய் இருவரையும் சமாதானப்படுத்தினேன்.” மேனேஜர், “இதில் உன் கருத்துதான் இருக்கிறது, நடந்ததை மட்டும் வரிசையாக எழுது” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் பொய் எதுவும் எழுதவில்லை. எதை எடுக்க வேண்டும், எங்கிருந்து தொடங்க வேண்டும்?

நீங்கள் பொய் எழுதவில்லை என்பதை நம்புகிறேன். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த மூன்று வரியைப் படிக்கிறவருக்கு, நீங்கள் பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் பார்த்ததாகத்தான் தோன்றும். ஆனால் தள்ளியதை நீங்கள் பார்க்கவில்லை, விழுந்ததையும் பார்க்கவில்லை. நாளைக்கு யாராவது “தள்ளியதைப் பார்த்தாயா?” என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும். அந்த ஒரு ‘இல்லை’க்குப் பிறகு, நீங்கள் உண்மையிலேயே பார்த்ததைக்கூட யாரும் நம்ப மாட்டார்கள். நான் இருபது வருடத்துக்கு மேல் ஹோட்டல் பாதுகாப்பில் இருந்தவன். அதில் பாதிக்கு மேல் மற்றவர்கள் எழுதிய அறிக்கைகளைப் படித்துச் சரிபார்க்கும் வேலை. திருப்பிக் கொடுத்த அறிக்கைகளில் பெரும்பாலானவை உங்களுடையதைப் போலத்தான் இருந்தன. எழுதியவர் நேர்மையானவர்தான், வாக்கியம்தான் அவரைக் கைவிட்டிருந்தது. ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வழக்கறிஞர் அல்ல. அறிக்கையை யாரிடம் கொடுக்கலாம், நீதிமன்றத்தில் அதற்கு என்ன மதிப்பு என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். அதை உங்கள் நிர்வாகத்தின் சட்ட ஆலோசகரிடம்தான் கேட்க வேண்டும். எழுதும் முறையைப் பற்றி மட்டும் நான் உறுதியாகப் பேச முடியும்.

உங்கள் முதல் வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம். அதற்குள் ஐந்து செய்திகள் இருக்கின்றன. 414 புகார் சொன்னார். அந்தப் புகார் 412-க்குத் தெரிந்தது. அதனால் அவருக்கு ஆத்திரம் வந்தது. அவர் குடித்திருந்தார். வேண்டுமென்றே தள்ளினார். இவற்றில் உங்கள் கண்ணும் காதும் எதைப் பிடித்தன? புகார் வந்ததை ரிசப்ஷனில் இருப்பவர் உங்களிடம் சொல்லியிருக்கலாம். தள்ளியதை 414 சொல்லியிருக்கலாம். குடித்திருந்தார் என்பது வாடையை வைத்து நீங்கள் முடிவு கட்டியதாக இருக்கலாம். ஆத்திரமும் ‘வேண்டுமென்றே’யும் இன்னொருவர் மனதுக்குள் இருப்பவை, அவற்றை யாராலும் பார்க்க முடியாது. இந்த ஐந்தும் பொய்யாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. ஐந்துமே உண்மையாகக்கூட இருக்கலாம். ஆனால் எது எங்கிருந்து வந்தது என்பது வாக்கியத்தில் தெரியவில்லை. உங்கள் மேனேஜர் கருத்து என்று சொன்னது இதைத்தான் என்று நினைக்கிறேன்.

அதனால் ஒவ்வொரு வாக்கியத்தையும் எழுதி முடித்ததும் ‘இது எனக்கு எப்படித் தெரியும்?’ என்று கேட்டுப் பாருங்கள். நான் பார்த்தேன், நான் கேட்டேன், இன்னார் என்னிடம் சொன்னார், கேமராவிலோ லாக் புக்கிலோ இருக்கிறது. இந்த நான்கில் ஒன்று பதிலாக வர வேண்டும். நான்கிலும் அடங்காதது உங்கள் ஊகம், அதை எடுத்துவிடுங்கள். அடங்கினால், எதில் அடங்கியதோ அதை வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள். “412 விருந்தினர் தன்னை இரண்டு கையாலும் மார்பில் தள்ளியதாக 414 விருந்தினர் என்னிடம் கூறினார்” என்று எழுதினால் அது நூற்றுக்கு நூறு உண்மை. 414 சொன்னது சரியா தவறா என்பது வேறு கேள்வி. அவர் அப்படிச் சொன்னார் என்பதற்கு நீங்கள் சாட்சி, அவ்வளவுதான். “தள்ளினார்” என்பதற்கும் “தள்ளியதாகக் கூறினார்” என்பதற்கும் நடுவில் இருக்கிற அந்த ஒரு சொல் உங்களைக் காப்பாற்றும்.

தமிழில் எழுதும்போது இன்னொரு வகையிலும் கருத்து உள்ளே வந்துவிடுகிறது. 414-ஐ ‘சார்’ என்கிறீர்கள், 412-ஐ ‘ஆள்’ என்கிறீர்கள். ஒருவர் ‘அவர்’, மற்றவர் ‘தள்ளிவிட்டான்’. வினைமுற்றின் கடைசி எழுத்திலேயே நீங்கள் யார் பக்கம் என்று தெரிந்துவிடுகிறது. இருவருமே உங்கள் ஹோட்டலின் விருந்தினர்கள், இருவருக்கும் ‘அவர்’தான். சந்தேகத்துக்குரியவராக இருந்தாலும், உங்களைத் திட்டியவராக இருந்தாலும் அதேதான். அப்புறம் அந்த ‘விட்டான்’, ‘விட்டது’. பேசும்போது நம்மை அறியாமலே வந்து விழும் துணைவினை இது. ‘தள்ளினார்’ என்றால் செயல் மட்டும்தான். ‘தள்ளிவிட்டார்’ என்றால் ‘ஐயோ, இப்படிச் செய்துவிட்டாரே’ என்ற தொனியும் கூடவே வருகிறது. ‘அவரே வந்து’ என்பதில் உள்ள ஏகாரமும், ‘ஓடி வந்து’, ‘சும்மா இருந்தவரை’ போன்ற ஒட்டுகளும் இதே வேலையைச் செய்கின்றன. எதிர்ப்பக்கமாக இன்னொரு தொல்லையும் உண்டு. தமிழில் எழுவாயை விட்டுவிட்டே பல வரிகள் எழுதலாம். “பேசிக்கொண்டிருந்தார், திரும்பினார், தள்ளினார், விழுந்தார்” என்று எழுதினால் யார் தள்ளி யார் விழுந்தார் என்பது எழுதியவருக்கு மட்டும்தான் தெரியும். இருவர் மோதிய சம்பவத்தில் ஒவ்வொரு வினைக்கும் ஆளைச் சொல்லுங்கள். “412 விருந்தினர்”, “414 விருந்தினர்” என்று வரிக்கு வரி திரும்பத் திரும்ப வந்தால் படிக்க அழகாக இருக்காது. பரவாயில்லை, இங்கே அழகை யாரும் தேடப்போவதில்லை.

குடித்திருந்தார் என்ற சொல்லைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கெஸ்ட்டுகளுக்குள் நடக்கும் சண்டை அறிக்கைகளில் இது கிட்டத்தட்ட தவறாமல் வரும். நாம் மூச்சுச் சோதனை செய்யவில்லை, ரத்தம் எடுக்கவில்லை. நமக்குத் தெரிந்தது சில அறிகுறிகள் மட்டும். அந்த அறிகுறிகளை எழுதுங்கள்: “412 விருந்தினர் சுமார் ஓர் அடி தூரத்தில் நின்று பேசியபோது மது வாடையை உணர்ந்தேன். சில சொற்கள் தெளிவாகப் புரியவில்லை. நிற்கும்போது இரண்டு முறை சுவரில் கை ஊன்றினார்.” படிப்பவர் முடிவை அவரே எடுத்துக்கொள்வார். இதற்கு ஒரு மருத்துவக் காரணமும் உண்டு. சர்க்கரை நோய்க்கு மருந்து எடுப்பவருக்கு ரத்தத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கினால் பேச்சு குழறும், வியர்க்கும், நடை தள்ளாடும், எரிச்சலாகக் கத்தக்கூடச் செய்வார். பார்க்கிறவர்களுக்குப் போதை என்றே தோன்றும். அறிகுறியை எழுதியிருந்தால் உங்கள் வரி அப்போதும் சரியாகவே இருக்கும். ‘குடித்திருந்தார்’ என்று எழுதியிருந்தால் ஒரு நோயாளியைக் குடிகாரர் என்று எழுதிவைத்தவராகி நிற்பீர்கள். அவரே “இரண்டு பெக்தான் குடித்தேன்” என்று சொன்னால் அதை அவர் சொன்னபடியே மேற்கோளில் போடுங்கள். அது அவர் வாக்கு.

சரி, வரிசைக்கு வருகிறேன். வரிசையாக எழுது என்றதும் எல்லோரும் சண்டையின் தொடக்கத்துக்குப் போய்விடுகிறார்கள். 412-இல் பாட்டுச் சத்தம் கேட்டது, 414-க்குத் தூக்கம் வரவில்லை, புகார் செய்தார், வெளியே வந்தார்கள், தள்ளினார் என்று. கதைக்கு அது சரியான வரிசை. ஆனால் அந்தப் பகுதி முழுவதும் நீங்கள் அங்கே இல்லை, அதைப் பின்னால்தான் கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். அறிக்கை தொடங்க வேண்டியது உங்களுக்குத் தகவல் வந்த நிமிடத்திலிருந்து. வாக்கி-டாக்கியில் யார் கூப்பிட்டார், என்ன சொன்னார், நீங்கள் எங்கே இருந்தீர்கள், எப்போது கிளம்பினீர்கள், எந்த வழியாகப் போனீர்கள், எப்போது சேர்ந்தீர்கள், சேர்ந்ததும் முதலில் கண்ணில் பட்டது என்ன. நீங்கள் வருவதற்கு முன்னால் நடந்தவை, விருந்தினர்கள் உங்களிடம் அதைச் சொன்ன நேரத்தில், சொன்ன இடத்தில் வரும். இப்படி எழுதினால் நடந்த வரிசை குழம்பிவிடுமே என்று முதலில் தோன்றும். குழம்பாது. எது உங்கள் சாட்சியம், எது அவர்கள் கூற்று என்று தானாகப் பிரிந்துவிடும். உங்கள் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு மாற்றம்தான் செய்ய முடியும் என்றால் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

நேரம் எழுதும்போது இருபத்துநான்கு மணிக் கணக்கில் எழுதுங்கள். இரவு ஷிப்டில் பன்னிரண்டைத் தாண்டியதும் தேதி மாறுகிறது, அதையும் குறிப்பிட வேண்டும். எந்தக் கடிகாரத்தின் நேரம் என்பதையும் சொல்லுங்கள். இதைக் கற்றுக்கொள்ள நான் ஒரு விலை கொடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஓர் அறிக்கையில் ரிசப்ஷன் அழைப்பு வந்த நேரத்தை என் கைக்கடிகாரத்தைப் பார்த்து எழுதினேன், நான் மாடிக்குப் போய்ச் சேர்ந்த நேரத்தைக் கேமராப் பதிவைப் பார்த்து எழுதினேன். கேமரா ரெக்கார்டரின் கடிகாரம் ஏழு நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. அழைப்பு வருவதற்கு மூன்று நிமிடம் முன்னாலேயே நான் மாடியில் நின்றதாக அறிக்கை சொன்னது. முன்கூட்டியே அங்கே நின்று வேடிக்கை பார்த்தாயா என்று விசாரணையில் கேட்டார்கள். என்னிடம் பதில் இல்லை, காரணம் கண்டுபிடிக்கவே இரண்டு நாள் ஆயிற்று. அன்றிலிருந்து, பதிவைப் பார்க்கும் முன் கேமரா திரையில் ஓடும் நேரத்தையும் என் போனில் உள்ள நேரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, வித்தியாசத்தை அறிக்கையிலேயே ஒரு வரியாக எழுதுகிறேன். போன் நெட்வொர்க்கிலிருந்து நேரத்தை எடுத்துக்கொள்வதால் பொதுவாக நம்பலாம். அறைக் கதவின் அட்டைப் பூட்டுக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பேட்டரியில் ஓடும் பல பூட்டுகளுக்குள் தனிக் கடிகாரம் இருக்கிறது, நாளடைவில் அது முன்னும் பின்னும் போகும். அதோடு, வெளியிலிருந்து அட்டை வைத்துத் திறந்ததைப் பூட்டு பதிவு செய்யும், உள்ளே இருப்பவர் கைப்பிடியைத் திருப்பி வெளியே வந்ததை எல்லாப் பூட்டும் பதிவு செய்வதில்லை. ஆகவே பூட்டுப் பதிவில் இல்லை என்பதால் 412 அறையை விட்டு வெளியே வரவில்லை என்று எழுதிவிடக்கூடாது.

இருவரையும் பிரித்து வைத்துத் தனித்தனியாகக் கேட்டீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. பிரிப்பது அடிதடி மறுபடி தொடங்காமல் இருக்க மட்டும் அல்ல. ஒருவர் சொல்வதை மற்றவர் கேட்டுக்கொண்டிருந்தால் அவர் சொல்லப்போவது மாறிவிடும். பார்த்தவர்களும் ஒன்றாக நின்று பேசிக்கொண்டால் பத்து நிமிடத்தில் எல்லோரும் ஒரே கதையைச் சொல்வார்கள், யார் எதைப் பார்த்தார் என்று அவர்களுக்கே பிரித்துச் சொல்ல முடியாது. கேட்கும்போது “என்ன நடந்தது?” என்று மட்டும் கேளுங்கள், பிறகு “அப்புறம்?” என்று கேளுங்கள். “அவர் உங்களை அடித்தாரா?” என்று நாம் ஒரு சொல்லைக் கொடுத்தால் அந்தச் சொல் திரும்பி நம்மிடமே வரும். இது வெறும் அனுபவப் பேச்சு இல்லை. எலிசபெத் லோஃப்டஸ், ஜான் பாமர் என்ற இரு உளவியலாளர்கள் 1974-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. கார் விபத்துப் படம் ஒன்றை மாணவர்களுக்குக் காட்டி, கார்கள் எவ்வளவு வேகத்தில் மோதின என்று ஒரு குழுவிடம் கேட்டார்கள். இன்னொரு குழுவிடம் அதே கேள்வியில் ‘மோதின’ என்பதற்குப் பதிலாக ‘நொறுங்க மோதின’ என்ற பொருள் தரும் கடுமையான சொல்லைப் போட்டுக் கேட்டார்கள். இரண்டாவது குழு வேகத்தை அதிகமாகச் சொன்னது. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடியைப் பார்த்தீர்களா என்று கேட்டார்கள். படத்தில் உடைந்த கண்ணாடியே இல்லை. கடுமையான சொல்லைக் கேட்ட 50 பேரில் 16 பேர் பார்த்தேன் என்றார்கள், சாதாரணச் சொல்லைக் கேட்ட 50 பேரில் 7 பேர்தான் அப்படிச் சொன்னார்கள். கேள்வியில் இருந்த ஒரு வினைச்சொல் ஞாபகத்துக்குள் கண்ணாடியை உடைத்திருக்கிறது. அதுவும் சண்டையில் சிக்காத, அடிபடாத, அமைதியாக உட்கார்ந்து படம் பார்த்த மனிதர்களிடம்.

இதே காரணத்தால், கேமராப் பதிவைப் பார்ப்பதற்கு முன்பே என் ஞாபகத்தில் இருப்பதை எழுதிவிடுவது என் வழக்கம். பதிவைப் பார்த்த பிறகு எழுதினால், திரையில் பார்த்ததை நேரில் பார்த்ததாக மனம் எடுத்துக்கொள்ளும். இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இருக்கிறார்கள். முதலில் பதிவைப் பார், அப்போதுதான் தவறில்லாமல் எழுதுவாய் என்று சொல்லும் மேலாளர்களிடமும் வேலை செய்திருக்கிறேன். போலீஸ்காரர்கள் உடலில் அணியும் கேமரா விஷயத்திலும் இதே விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. உங்கள் இடத்தில் எது விதியோ அதன்படி செய்யுங்கள், ஆனால் எதை முதலில் செய்தீர்கள் என்பதை எழுதிவிடுங்கள். கேமரா சொல்வதற்கும் எல்லை உண்டு. காரிடார் கேமரா பெரும்பாலும் கூரையில், ஒரு முனையில், நீளவாக்கில் பார்த்துக்கொண்டிருக்கும். இருவர் ஒருவர் பின் ஒருவராகத் தெரியும் கோணத்தில், ஒருவர் கை மற்றவர் தோளில் பட்டதா, தோளுக்கு முன்னால் காற்றில் போனதா என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் ஒலியும் பதிவாகியிருக்காது. ஆகவே “பதிவில் 412 விருந்தினர் 414-ஐத் தள்ளுவது தெரிகிறது” என்று பாயாமல், “412 விருந்தினரின் இரு கைகளும் முன்னோக்கி நீள்கின்றன. 414 விருந்தினர் பின்னால் நகர்ந்து தரையில் விழுகிறார். கைகள் உடலில் படும் கணம் இந்தக் கோணத்தில் தெரியவில்லை” என்று திரையில் இருப்பதை எழுதுங்கள். கூடவே பதிவை அன்றிரவே தனியாகப் பிரதி எடுத்து வைக்கச் சொல்லுங்கள். ரெக்கார்டர் நிரம்பியதும் பழையதை அழித்துப் புதியதை எழுதிக்கொண்டே போகும். எந்தக் கேமரா, எத்தனை மணியிலிருந்து எத்தனை மணிவரை, யார் பிரதி எடுத்தார், யாரிடம் இருக்கிறது என்பதும் அறிக்கையில் வர வேண்டும். உங்கள் சம்பவம் நடந்து ஒரு வாரம் ஆகிவிட்டதால், இன்றைக்கே போய் அந்தப் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். இதைப் படித்து முடித்த பிறகு அல்ல, இப்போதே.

இனி உங்கள் மூன்று வரியை நான் எழுதினால் எப்படி இருக்கும் என்று காட்டுகிறேன். உங்கள் இரவின் எல்லா விவரமும் எனக்குத் தெரியாது, இடைவெளிகளை நானே கற்பனையாக நிரப்பியிருக்கிறேன். அதனால் அப்படியே எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

“23:44 மணிக்கு (நேரங்கள் அனைத்தும் என் கைப்பேசிப்படி) தரைத்தளத்தில் பின்வாசல் அருகே ரோந்தில் இருந்தேன். ரிசப்ஷன் இரவுப் பணியாளர் வாக்கி-டாக்கியில் அழைத்து, 412 அறையிலிருந்து பாட்டுச் சத்தம் வருவதாக 414 விருந்தினர் போனில் புகார் செய்ததாகவும், போய்ப் பார்க்கும்படியும் கூறினார். லிஃப்டில் சென்று 23:49 மணிக்கு நான்காம் தளத்தில் இறங்கினேன். 412, 414 அறைக் கதவுகளுக்கு நடுவே காரிடாரில் இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி, சுமார் மூன்று அடி இடைவெளியில் நின்றிருந்தனர். அவர்கள் 412, 414 அறைகளின் விருந்தினர்கள் என்பதைப் பின்னர் ரிசப்ஷன் பதிவுடன் சரிபார்த்தேன். 412 விருந்தினர் உரத்த குரலில் ‘இன்னொரு தடவை கதவைத் தட்டிப் பார்’ என்று கூறியதைக் கேட்டேன். 414 விருந்தினர் தன் இடது முழங்கையை வலது கையால் பிடித்திருந்தார். தரையில், 414 அறைக் கதவுக்கு அருகில், ஒரு கைப்பேசி கிடந்தது. அதன் திரையில் விரிசல் இருந்தது. நான் அங்கே இருந்த நேரத்தில் யாரும் யாரையும் தொடவில்லை. நான் வருவதற்கு முன் நடந்த எதையும் நான் பார்க்கவில்லை.

23:50 மணிக்கு இருவருக்கும் நடுவில் நின்று, 412 விருந்தினரைத் தம் அறைக்குள் செல்லும்படி கேட்டுக்கொண்டேன். அவர் சென்றார். 414 விருந்தினரை லிஃப்ட் அருகே உள்ள நாற்காலியில் உட்காரச் சொன்னேன். 23:52 மணிக்கு டியூட்டி மேனேஜருக்குத் தகவல் தெரிவித்தேன். அவர் 23:57 மணிக்கு வந்தார்.

23:58 மணிக்கு, டியூட்டி மேனேஜர் உடனிருக்க, என்ன நடந்தது என்று 414 விருந்தினரிடம் கேட்டேன். தாம் 412 அறைக் கதவைத் தட்டியதாகவும், கதவைத் திறந்தவர் வெளியே வந்து இரண்டு கையாலும் தம் மார்பில் தள்ளியதாகவும், தாம் விழுந்தபோது கையிலிருந்த கைப்பேசி தரையில் விழுந்ததாகவும் கூறினார். அவருடைய இடது முழங்கையின் வெளிப்புறத்தில் சுமார் 2 செ.மீ. நீளச் சிராய்ப்பைப் பார்த்தேன், ரத்தம் வடியவில்லை. முதலுதவியும் மருத்துவரை அழைப்பதும் வேண்டுமா என்று கேட்டேன். முதலுதவியை ஏற்றுக்கொண்டார். மருத்துவர் குறித்து ‘வேண்டாம், காலையில் பார்க்கிறேன்’ என்றார். மறுநாள் தேதி 00:09 மணிக்கு, டியூட்டி மேனேஜருடன் 412 விருந்தினரை அவர் அறை வாசலில் சந்தித்து அதே கேள்வியைக் கேட்டேன். 414 விருந்தினர் கதவை ஓங்கித் தட்டியதாகவும், தம் முகத்துக்கு அருகே கைப்பேசியை நீட்டிப் படம் எடுத்ததாகவும், அதை விலக்கக் கையை நீட்டியதாகவும், ‘நான் தள்ளவில்லை, அவர்தான் பின்னால் போய் விழுந்தார்’ என்றும் கூறினார். பேசும்போது மது வாடையை உணர்ந்தேன். அவர் பேச்சு எனக்குத் தெளிவாகப் புரிந்தது. அவர் உடலில் காயம் எதையும் நான் பார்க்கவில்லை, தமக்குக் காயம் இல்லை என்று அவரும் கூறினார்.”

இதில் எங்கேயும் யார் மீது தவறு என்று இல்லை, கவனித்தீர்களா? உங்கள் பழைய மூன்று வரியில் இல்லாத ஒன்று இங்கே வந்திருக்கிறது. 412 சொல்லும் பக்கம். அவர் சொல்வது உண்மையா இல்லையா என்று எனக்குத் தெரியாது, அறிக்கை எழுதுபவருக்கும் தெரிய வேண்டியதில்லை. இருவர் கூற்றுக்கும் ஒரே அளவு இடம், ஒரே கேள்வி, ஒரே மாதிரியான வினைச்சொல். ‘414 கூறினார்’, ‘412 மழுப்பினார்’ என்று எழுதினால் அங்கேயே தீர்ப்பு வந்துவிடும். மது வாடை என்று எழுதியவர் பேச்சு தெளிவாக இருந்தது என்பதையும் எழுதியிருக்கிறார். ஒரு முடிவுக்கு உதவுகிற அறிகுறியை மட்டும் எடுத்து, அதற்கு எதிரானதை விட்டுவிடுவதும் கருத்துத்தான். அதிலுள்ள ஒவ்வொரு சொல்லும் உண்மையாகவே இருந்தாலும் அப்படித்தான்.

“நான் பார்க்கவில்லை” என்ற வரியை எழுதப் பலர் கூச்சப்படுகிறார்கள், கடமை தவறியது போலத் தோன்றும் என்று. எனக்கு அனுபவத்தில் தெரிந்தவரை, மேலே இருப்பவர்கள் முதலில் தேடுவதே அந்த வரியைத்தான். எதைப் பார்க்கவில்லை என்று சொல்லத் தெரிந்தவர், பார்த்தேன் என்று சொல்லும்போது நம்புவார்கள். அதேபோல “உடனே போய் இருவரையும் சமாதானப்படுத்தினேன்” என்ற உங்கள் வரியையும் பாருங்கள். ‘உடனே’ என்பது நான் எழுதிக் காட்டிய மாதிரியில் ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை எழுதுங்கள், பின்வாசலிலிருந்து நான்காம் தளத்துக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்று யாருக்கும் புரியும். ‘சமாதானப்படுத்தினேன்’ என்பது உங்கள் வேலைக்கு நீங்களே கொடுத்துக்கொண்ட மதிப்பெண். நடுவில் நின்றது, அறைக்குள் போகச் சொன்னது, நாற்காலியில் உட்கார வைத்தது என்பதுபோல நீங்கள் உண்மையில் செய்தவற்றை எழுதுங்கள், அவை உங்களைப் பற்றி நன்றாகவே பேசும்.

போன் விஷயத்தில் மிகக் கவனமாக இருங்கள். ‘விழுந்து போன் உடைந்தது’ என்பது ஒரு காரணத்தைச் சொல்கிறது. விரிசல் முன்பே இருந்திருக்கலாம். விரிசல் விட்ட போன் தரையில் கிடந்ததைப் பார்த்திருந்தால், அதை மட்டும்தான் எழுத வேண்டும். ஹோட்டல் பணம் கொடுக்கும், அவரிடம் வசூலிப்போம் என்று யாராவது வாய்மொழியாகச் சொல்லியிருந்தால், சொன்னவர் யார், என்ன சொற்களில் சொன்னார் என்று பதிவு செய்யலாம். நீங்களாக எதையும் உறுதி கொடுக்கக்கூடாது, அறிக்கையிலும் எழுதக்கூடாது. “இந்த கெஸ்ட் போன தடவையும் தகராறு செய்தவர்” என்பதும் இந்த அறிக்கையில் வரக்கூடாது. அப்படி ஒரு பழைய அறிக்கை இருந்தால் மேனேஜரிடம் தனியாகச் சொல்லுங்கள். காரிடாரில் வெளிச்சம் போதவில்லை, இரவில் இன்னொரு ஆள் வேண்டும் என்பது போன்ற யோசனைகளுக்கும் தனித் தாள்தான். அவை தேவையான யோசனைகளாக இருக்கலாம், சம்பவத்தோடு கலந்தால் இரண்டுமே கெட்டுப்போகும். விருந்தினர் கேட்டாலும் அறிக்கையின் பிரதியையோ மற்றவரின் பெயர் விவரத்தையோ நீங்கள் கொடுக்காதீர்கள், டியூட்டி மேனேஜரிடம் அனுப்பிவிடுங்கள். 414-இல் இருப்பவர் யார் என்று 412 கேட்டால் நீங்கள் சொல்லும் பெயர் நாளைக்கு இன்னொரு சம்பவத்தைக் கொண்டுவரும்.

கடைசியாக, உங்களைப் பொறுத்தவரை மிக முக்கியமானது. நீங்கள் இப்போது எழுதப்போவது ஒரு வாரம் கழித்து எழுதும் அறிக்கை. அதற்குச் சம்பவ நாளின் தேதியைப் போட்டு, அன்றைக்கே எழுதியதுபோல் காட்டாதீர்கள், யார் சொன்னாலும் சரி. சம்பவம் நடந்த தேதி ஒரு வரியில், இதை எழுதிய தேதியும் நேரமும் அடுத்த வரியில் இருக்கட்டும். “முதல் அறிக்கையை இன்ன தேதியில் கொடுத்தேன், மேலாளர் கேட்டுக்கொண்டபடி இதை எழுதுகிறேன்” என்று மேலே குறிப்பிடுங்கள். பழைய தாளைக் கிழிக்க வேண்டாம், அதில் வெள்ளை பூச வேண்டாம், புதியதற்குப் பின்னால் இணைத்துக் கொடுங்கள். கையால் எழுதும்போது தவறு வந்தால் ஒரே கோடாக அடித்து, அடித்த சொல் படிக்கும்படி விட்டு, பக்கத்தில் சுருக்கக் கையெழுத்துப் போடுங்கள். அன்றிரவு லாக் புக்கிலோ வேறு எங்காவதோ நேரம் கிறுக்கி வைத்திருந்தால் அந்தக் குறிப்பிலிருந்து எடுத்தேன் என்று எழுதுங்கள். குறிப்பு இல்லாத நேரங்களுக்கு ‘சுமார்’ என்று போடுங்கள், நிமிடக் கணக்கை இட்டுக்கட்ட வேண்டாம். இப்போது நினைவுக்கு வராததை ‘நினைவில்லை’ என்றே எழுதிவிடுங்கள். மேனேஜர் அந்தத் தாளையும் திருப்பிக் கொடுத்தால், எந்த வரியைச் சுட்டிக் காட்டினார் என்று பெயர்கள் இல்லாமல் இங்கே எழுதுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.